மதியம் இரண்டு மணிக்குக் கேட்க வேண்டிய கேள்வி

ஒருநாள் கருத்தரங்கு எதன் நிகழ்ச்சி நிரலை எடுத்தாலும் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். காலையில் தொடக்க விழாவும் சிறப்புரையும், ஒன்று முதல் இரண்டு வரை மதிய உணவு, இரண்டு மணிக்குக் குழு விவாதம். தனியொருவர் பேசினால் சபை தூங்கிவிடும், நான்கு பேர் பேசினால் கலகலப்பாக இருக்கும் என்பது அமைப்பாளர்களின் கணக்கு. நடைமுறையில் என்ன ஆகிறது? நெறியாளர் நான்கு பேரின் பட்டங்களையும் பதவிகளையும் தாளைப் பார்த்து வாசிக்கிறார். பொன்னாடை போர்த்துகிறார்கள், புகைப்படம் எடுக்கிறார்கள். பிறகு ஒவ்வொருவரும் பத்து நிமிடம் தொடக்கக் கருத்து சொல்கிறார்கள். அந்தச் சுற்று முடியும்போது மணி மூன்றை நெருங்கிவிடும். விவாதம் இன்னும் தொடங்கியே இருக்காது. பின்வரிசைகளில் தலைகள் சாய்ந்திருக்கும்.

இந்த அமர்வை மீட்க முதல் வாக்கியத்திலேயே சபையைச் சீண்டும் கேள்வி ஒன்றைக் கேட்க வேண்டும் என்று மேடை அனுபவம் உள்ள எல்லோரும் சொல்வார்கள். சரியான யோசனைதான். ஆனால் அந்தக் கேள்வி மேடையில் அந்த நேரத்துக்குத் தோன்றும் ஒன்றாக இருந்தால் பெரும்பாலும் வீணாகிவிடும். எதைக் கேட்பது, யாரிடம் கேட்பது, கேட்டபின் அடுத்த ஐந்து நிமிடத்தில் என்ன செய்வது என்பதெல்லாம் சில நாட்களுக்கு முன்பே முடிவாகியிருக்க வேண்டும். அந்த வேலையைத்தான் இங்கே விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் தூக்கத்தைப் பற்றி. உண்ட மயக்கம் தொண்டருக்கும் உண்டு என்பார்கள். ஆனால் மதிய மயக்கத்துக்கு முழுப் பொறுப்பும் சாப்பாட்டுடையது அல்ல. காலையில் விழித்த நொடியிலிருந்து உடலில் தூக்கத்துக்கான தேவை சிறிது சிறிதாகக் கூடிக்கொண்டே போகிறது. அதை எதிர்த்து நம்மை விழிப்பாக வைத்திருப்பது மூளையில் உள்ள உடல் கடிகாரம். அதன் உந்துதல் மாலையில் வலுவாக இருக்கும். பிற்பகல் தொடக்கத்தில் தூக்கத் தேவைக்கு ஈடுகொடுக்கும் அளவு இருப்பதில்லை. அதனால்தான் மதியம் சாப்பிடாதவர்களிடமும் இந்தச் சரிவு தெரிகிறது. முந்தைய இரவு குறைவாகத் தூங்கியவர்களுக்கும், மாவுச்சத்து மிகுந்த கனமான சாப்பாடு சாப்பிட்டவர்களுக்கும் அது ஆழமாக இருக்கும். பந்தியில் சாம்பார், வற்றல்குழம்பு, ரசம், மோர் என்று நாலு சுற்று சோறும் பாயசமும் முடித்து வந்த சபைக்கு எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

இதில் நெறியாளருக்குப் பயன்படும் செய்தி ஒன்று இருக்கிறது. இந்தத் தூக்கம் எல்லா வேலைகளையும் ஒரே அளவில் தாக்குவதில்லை. சும்மா உட்கார்ந்து ஒரே சீரான ஒலியைக் கேட்பதுதான் முதலில் பாதிக்கப்படுகிறது. கையை அசைத்து, ஒரு முடிவெடுத்து, பக்கத்தில் இருப்பவரிடம் பேசும்போது அதே மனிதர் அதே நேரத்தில் தெளிவாக இருப்பார். ஆகவே பேச்சைச் சுவையாக்குவதால் மட்டும் பயன் குறைவு. கேட்பவர்களுக்கு ஒரு வேலை கொடுக்க வேண்டும். அந்த வேலையைத் தருவதுதான் கேள்வி. அதன் எல்லையையும் சொல்லிவிட வேண்டும்: கேள்வி தூக்கத்தைப் போக்காது, சில நிமிடங்களுக்குத் தள்ளிப்போடும். கிடைத்த நிமிடங்களைப் பயன்படுத்தாவிட்டால் சபை பழையபடி சாய்ந்துவிடும்.

இனி ஓர் அமர்வைக் கற்பனையாக எடுத்துக்கொண்டு அதற்கான கேள்வியை உருவாக்கிப் பார்ப்போம். ஒரு மாவட்டத் தலைநகரில் பொதுமக்களுக்கான சுகாதாரக் கருத்தரங்கு. மதிய அமர்வின் தலைப்பு ‘சர்க்கரை நோயும் நம் உணவும்’. மேடையில் சர்க்கரை நோய் மருத்துவர், உணவியல் வல்லுநர், சிறுதானியம் பயிரிடும் விவசாயி, இருபது ஆண்டுகளாக மெஸ் நடத்தும் பெண்மணி ஆகிய நால்வர். எதிரே இருநூறு பேர். எல்லோரும் இப்போதுதான் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறார்கள்.

நெறியாளருக்கு முதலில் தோன்றும் கேள்வி, ‘சர்க்கரை நோயை எப்படித் தடுப்பது?’ என்பதாக இருக்கும். இதற்குக் கேட்பவர் பதில் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. அதற்குத்தானே மேடையில் நான்கு பேர் இருக்கிறார்கள். நாற்காலியில் இன்னும் கொஞ்சம் சாய்ந்துகொள்ள இது வசதி செய்துதரும்.

அடுத்து, கொஞ்சம் காரமாக, ‘சோறுதான் நம் எதிரியா?’ என்று கேட்கலாம். தலைகள் நிமிரும், உண்மைதான். ஆனால் மேடையில் நால்வரும் ஒரே பதிலைச் சொல்வார்கள்: ‘அளவோடு சாப்பிட்டால் எதுவும் எதிரி இல்லை.’ அந்த வாக்கியத்தோடு விவாதம் முடிந்துவிடும். சபையைச் சீண்டும் கேள்விகளில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் சரிகின்றன. ஒலியில் காரம் இருக்கும். பதிலில் பிளவு இருக்காது.

மூன்றாவதாக, சபையை நேரடியாகத் தொடும் கேள்வி என்று நினைத்து, ‘உங்களில் எத்தனை பேருக்குச் சர்க்கரை இருக்கிறது? கை தூக்குங்கள்’ என்று சிலர் கேட்கிறார்கள். இது கேட்கவே கூடாத கேள்வி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துடன் சேர்ந்து சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் நாடு முழுவதும் நடத்திய ஆய்வின் முடிவுகள் 2023-இல் வெளியாயின. தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்கு இந்த நோய் இருப்பதாக அது மதிப்பிட்டது. அந்தக் கணக்குப்படி இருநூறு பேர் கொண்ட அரங்கில் சுமார் இருபத்தொன்பது பேருக்கு இருக்கலாம். வயதானவர்கள் அதிகம் வந்திருந்தால் இன்னும் கூடும். அவர்களில் பாதிப் பேராவது பக்கத்தில் சக ஊழியரோ சம்பந்தியோ உட்கார்ந்திருக்கும்போது கை தூக்க மாட்டார்கள். தூக்கியவர்களுக்கும் அடுத்த ஒரு மணி நேரம் சங்கடம்தான். உண்மையான பதிலைச் சொன்னால் கேட்பவருக்கு இழப்பு வரும் என்றால், அந்தக் கேள்வி மேடைக்கு உரியது அல்ல. நோய், சாதி, சம்பளம், குழந்தையின் மதிப்பெண் எல்லாமே இதில் அடங்கும்.

நான் தேர்ந்தெடுப்பது இந்தக் கேள்வியை: ‘சர்க்கரை வந்தவர்கள் இரவில் சோற்றுக்குப் பதில் சப்பாத்தி சாப்பிடுவது வீண் வேலையா?’

இதில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். தமிழ்நாட்டில் இந்தப் பழக்கத்தை அறியாத குடும்பம் அரிது. அப்பாவுக்குச் சர்க்கரை என்று தெரிந்த மறுநாளே வீட்டுக்கு கோதுமை மாவு வந்துவிடும். ஆகவே பதில் சொல்ல யாருக்கும் மருத்துவ அறிவு தேவையில்லை. தங்கள் சமையலறையை நினைத்துப் பார்த்தால் போதும். கை தூக்குவதால் யாருடைய நோயும் வெளிப்படாது. மாவு பிசைந்தவர்கள், சாப்பிட்டவர்கள், ‘பேசாமல் சாப்பிடுங்கள்’ என்று சொன்னவர்கள் எல்லோருக்கும் இதில் பங்கு இருக்கிறது. ‘வீண் வேலையா’ என்ற சொல் அந்தப் பங்கைத் தொட்டுவிடுகிறது. சீண்டல் என்பது எனக்கு இதுதான். குரலை உயர்த்துவதோ யாரையாவது குறைத்துப் பேசுவதோ தேவையில்லை. கேட்பவர் நேற்று இரவு செய்த ஒரு காரியத்தை நடுவில் எடுத்து வைத்தால் போதும்.

மேடையிலும் இந்தக் கேள்வி பிளவை உண்டாக்கும். அதே ஆய்வுக் குழு 2025-இல் வெளியிட்ட உணவு பற்றிய முடிவுகளின்படி, இந்தியர்களுக்குக் கிடைக்கும் ஆற்றலில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது. மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமல் தீட்டிய தானியத்துக்குப் பதில் முழுக் கோதுமை மாவுக்கோ சிறுதானிய மாவுக்கோ மாறுவதால் மட்டும் நோய்க்கான ஆபத்து குறைவதாகத் தெரியவில்லை. மாவுச்சத்தில் ஒரு சிறு பகுதியைக் குறைத்து அந்த இடத்தில் பருப்பு, பால் போன்ற புரதத்தைச் சேர்ப்பதுதான் குறைந்த ஆபத்தோடு சேர்ந்து காணப்பட்டது. மருத்துவர் இதைச் சுட்டிக்காட்டி, ‘ஆம், மாற்றினால் மட்டும் போதாது’ என்பார். உணவியல் வல்லுநர் மறுக்க இடம் இருக்கிறது. அந்த ஆய்வு பேசுவது நோய் வருவதற்கான ஆபத்தை. ஏற்கெனவே நோய் வந்த ஒருவரின் இரவுத் தட்டு வேறு விஷயம். சப்பாத்தியை எண்ணிச் சாப்பிடுகிறோம், சோற்றை யாரும் எண்ணுவதில்லை. எண்ணுவதாலேயே அளவு குறைகிறது என்பது அவர் வாதமாக இருக்கலாம். சிறுதானிய விவசாயிக்கு அந்த ஆய்வு முடிவே கசப்பாக இருக்கும். மெஸ் நடத்துபவருக்கு, இரண்டு சப்பாத்தி கேட்பவர் அதோடு எத்தனை கிண்ணம் உருளைக்கிழங்குக் குருமா வாங்கிக்கொள்கிறார் என்பது தெரியும். நால்வரும் நான்கு இடத்தில் நிற்கிறார்கள், நால்வரிடமும் காரணம் இருக்கிறது.

இந்தப் பிளவு உண்மையில் இருக்கிறதா என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். அமர்வுக்குச் சில நாட்கள் முன்பு ஒவ்வொரு பேச்சாளரையும் தனித்தனியாகத் தொலைபேசியில் அழைத்து, கேள்வியைச் சொல்லி, ஒரே வாக்கியத்தில் பதில் கேளுங்கள். நான்கு பதிலும் ஒன்றாக இருந்தால் கேள்வியை மாற்றுங்கள். கேள்வியை ரகசியமாக வைத்திருந்து மேடையில் திடீரென்று வீசுவது நல்லதல்ல என்பது என் உறுதியான கருத்து. வியப்பு சபைக்கு வேண்டும். பேச்சாளருக்கு வேண்டியது நல்ல பதில். தயாராக இல்லாத பேச்சாளர் தற்காப்புக்காக மழுப்புவார், மழுப்பல் தூக்கத்தைத் திரும்பக் கூட்டிவரும். அந்த அழைப்பிலேயே இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும்: ‘ஐயா, முதல் சுற்றில் ஆம் அல்லது இல்லை, ஒரே ஒரு காரணம், அரை நிமிடம். வணக்கமும் நன்றியும் உங்கள் எல்லோருக்கும் சேர்த்து நானே சொல்லிவிடுகிறேன்.’

அமைப்பாளர்களிடமும் பேச வேண்டியிருக்கும். பொன்னாடையும் அறிமுகமும் மரியாதைக்குரிய சடங்குகள், அவற்றை விட்டுவிடச் சொல்ல முடியாது. இடத்தை மாற்றச் சொல்லலாம். மரியாதை செய்வதை அமர்வின் முடிவில் வைத்துக்கொள்ளலாம். பேச்சாளரின் தகுதிகளை நிகழ்ச்சி நிரலில் அச்சிட்டுவிட்டால், அவர் முதல்முறை பேசும்போது ஒரே வரியில் அறிமுகம் செய்தால் போதும். படக்காட்சிக்காக அணைத்த விளக்குகளை எல்லாம் போடச் சொல்லுங்கள். இருட்டில் எந்தக் கேள்வியும் எடுபடாது.

இனி இரண்டு மணி. நெறியாளர் எழுந்து நிற்கிறார். வணக்கம் சொல்லிவிட்டு நேராகக் கேள்வியைக் கேட்கிறார். கேட்டபின் வாயை மூடிக்கொள்ள வேண்டும். இதுதான் மிகக் கடினமான பகுதி. அமெரிக்க அறிவியல் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ, 1970-களில் பள்ளி வகுப்பறைகளைக் கவனித்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு விநாடியே காத்திருந்தார்கள். மூன்று விநாடியோ அதற்கு மேலோ காத்திருந்தபோது பதில்கள் நீண்டன, வழக்கமாகப் பேசாத மாணவர்களும் பேசினார்கள். மதிய அரங்கில் மூன்று விநாடி போதாது. சாப்பிட்டு மந்தமாக இருப்பவருக்குக் கேள்வி உள்ளே இறங்கவே நேரம் பிடிக்கும். மனதுக்குள் ஏழு எட்டு வரை எண்ணலாம். மேடையில் நிற்பவருக்கு அது மிக நீளமாகத் தோன்றும். எதிரே இருப்பவருக்கு அந்த மௌனமே ஏதோ நடக்கிறது என்ற செய்தி.

பிறகு கை தூக்கச் சொல்ல வேண்டும். ‘வீண் வேலை என்பவர்கள்?’ ‘பயன் உண்டு என்பவர்கள்?’ ‘தெரியவில்லை என்பவர்கள்?’ மூன்றையும் கேளுங்கள், நிதானமாக, ஒவ்வொரு முறையும் உங்கள் கையையும் தூக்கிக் காட்டி. மூன்றாவதை விட்டுவிட்டால் தயங்குபவர்கள் முதல் இரண்டிலும் சேராமல் ஒதுங்கிவிடுவார்கள், விளையாட்டு தங்களுக்கு இல்லை என்று நினைத்துவிடுவார்கள். கைகளை ஏறக்குறைய எண்ணி உரக்கச் சொல்லுங்கள். முன்வரிசையில் பிரமுகர்கள் கை தூக்காமல் இருந்தால் பின்னால் இருப்பவர்கள் அவர்களைப் பார்த்துத் தயங்குவது நம் ஊர் வழக்கம். அதனால் எண்ணுவதைப் பின்வரிசையிலிருந்து தொடங்குவது நல்லது.

அடுத்தது, பக்கத்தில் இருப்பவரோடு ஒரு நிமிடப் பேச்சு. இதன் பலனை விரிவாகக் காட்டியவர் ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் எரிக் மாசுர். 1990-களின் தொடக்கத்திலிருந்து அவர் தன் விரிவுரையை நடுநடுவே நிறுத்தி ஒரு கேள்வி கேட்பார். மாணவர்கள் தனியாக யோசித்துப் பதிலைத் தெரிவிப்பார்கள். பிறகு, தன்னோடு உடன்படாத பக்கத்து மாணவரை ஒப்புக்கொள்ள வைக்க முயல வேண்டும். அதன்பின் மறுபடி வாக்கெடுப்பு. சரியான பதில் சொல்பவர்களின் எண்ணிக்கை இரண்டாவது முறை கூடியது. பத்தாண்டு அனுபவத்தை அவரும் கேத்தரின் க்ரவுச்சும் 2001-இல் எழுதியபோது முக்கியமான ஓர் எல்லையையும் குறிப்பிட்டார்கள். முதல் வாக்கெடுப்பில் சரியாகச் சொன்னவர்கள் ஏறக்குறைய 35 முதல் 70 சதவீதத்துக்குள் இருந்தால்தான் அந்தப் பேச்சு பலன் தருகிறது. அதற்குக் கீழே போனால் ஒருவருக்கும் அடித்தளம் இல்லை. மேலே போனால் பேச ஒன்றும் இல்லை.

நம் சப்பாத்திக் கேள்விக்கு ஒரே சரியான பதில் கிடையாது. இருந்தாலும் அந்த அளவுகோல் உதவும். பத்தில் ஒன்பது கைகள் ஒரே பக்கம் எழுந்தால் கேள்வி சபையைப் பிரிக்கவில்லை என்று பொருள். அப்போது பக்கத்துப் பேச்சை விட்டுவிட்டு, பெரும்பான்மைக்கு எதிரான கருத்துள்ள பேச்சாளரிடம் உடனே மைக்கைக் கொடுக்க வேண்டும். ‘ஐயா, இருநூறு பேரில் நூற்றெண்பது பேர் பயன் உண்டு என்கிறார்கள். நீங்கள் இல்லை என்கிறீர்கள். ஏன்?’ இதுவும் சபையை நிமிர்த்தும். கைகளே எழவில்லை என்றால், அல்லது தோள்பட்டை வரை வந்து தயங்கி நின்றால், கேள்வி புரியவில்லை அல்லது மாட்டிக்கொள்வோமோ என்ற அச்சம் இருக்கிறது. கடிந்துகொள்ளாமல் அதே கேள்வியை எளிய சொற்களில் இன்னொரு முறை கேளுங்கள். ‘என்ன, எல்லோரும் தூங்கிட்டீங்களா?’ என்று மட்டும் கேட்க வேண்டாம். தூங்காமல் சிரமப்பட்டு விழித்திருந்தவரையும் அது புண்படுத்தும்.

சபை பிரிந்திருந்தால் ஒரு நிமிடம் அவர்களைப் பேச விடுங்கள். முதல் பத்து விநாடி தயக்கம் இருக்கும், பிறகு இரைச்சல் எழும். அந்த இரைச்சலின் உயரத்தை வைத்தே கேள்வி பிடித்ததா இல்லையா என்று சொல்லிவிடலாம். இரைச்சல் தானாக அடங்கும்வரை காத்திருக்காமல், உச்சத்தில் இருக்கும்போதே நிறுத்துவது நல்லது. சொல்லி முடிக்காத வாதம் ஒவ்வொருவர் நாக்கிலும் மிச்சமிருக்கும்.

இந்த இடத்தில் முதல் மைக் மேடைக்குப் போகக் கூடாது. சபையில் இரண்டு பேருக்குப் போக வேண்டும், பக்கத்துக்கு ஒருவராக. மைக்கை அவர்கள் கையில் கொடுத்துவிடாமல், உதவியாளர் ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். இது அவமரியாதை இல்லை. மைக் கைக்குப் போனால் சிலர் ஐந்து நிமிடம் உரையாற்றிவிடுகிறார்கள், கேள்வி எழுப்பிய வேகம் அங்கேயே கரைந்துவிடுகிறது. ‘சொல்லுங்கம்மா, உங்க வீட்டில் இரவு என்ன?’ என்று குறுகிய பதில் வரும்படி கேட்டால் குறுகிய பதிலே வரும். அதன்பின் மேடைக்கு. சபையின் பெரும்பான்மையோடு முரண்படும் பேச்சாளர் முதலில், அவரோடு முரண்படுபவர் அடுத்து. இத்தனையும் முடியும்போது மணி இரண்டு பத்துதான் ஆகியிருக்கும்.

தமிழர்களுக்கு இந்த வடிவம் புதியதல்ல. பட்டிமன்றத் தலைப்பே ஒரு கேள்விதான். மகிழ்ச்சி தருவது கூட்டுக் குடும்பமா, தனிக் குடும்பமா என்று சுவரொட்டியில் பார்த்தவுடன் பார்ப்பவர் தன் கட்சியை முடிவுசெய்துவிடுகிறார். ஆனால் பட்டிமன்றத்தை அப்படியே குழு விவாதத்துக்குக் கொண்டுவர முடியாது. அங்கே பேச்சாளர்களுக்கு அணி ஒதுக்கப்படுகிறது, சொந்தக் கருத்து எதுவானாலும் அந்த அணிக்காக வாதாடுவார்கள். இங்கே மருத்துவர் தான் நம்புவதை மட்டுமே சொல்ல முடியும், அதைக் கேட்டு ஒருவர் நாளை உணவை மாற்றக்கூடும். ஆகவே ‘ஆம், இல்லை’ என்று பிரிந்த முதல் சுற்றுக்குப் பிறகு நெறியாளர் கேள்வியைத் தளர்த்தியாக வேண்டும். யாருக்கு, எவ்வளவு, எதோடு சேர்த்து என்ற நிபந்தனைகளுக்கு இடம் தர வேண்டும். சீண்டிய கேள்வியை அமர்வு முழுவதும் பிடித்துத் தொங்கினால், நுணுக்கமாகப் பேசக்கூடியவர் பேசாமல் இருந்துவிடுவார், அடித்துப் பேசுபவர் மட்டும் மிஞ்சுவார். சர்க்கரை நோய் போன்ற விஷயத்தில் அது ஆபத்தும்கூட. மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் இரவு உணவைத் தானாகவே வெட்டிவிட்டால் சர்க்கரை மிகவும் தாழ்ந்துபோகலாம் என்பதை மருத்துவர் சொல்வதற்கு நெறியாளர் நேரம் ஒதுக்கியே ஆக வேண்டும்.

இரண்டரை வாக்கில் கவனம் மறுபடி சரியத் தொடங்கும். கைபேசித் திரைகள் ஒளிர ஆரம்பிப்பதும், மேடையைப் பார்த்தபடியே கண்கள் அசையாமல் நிற்பதும் அடையாளம். அங்கே இரண்டாவது கேள்வி ஒன்று தயாராக இருக்க வேண்டும், முதலாவதைவிடச் சிறியதாக, அதிலிருந்தே கிளைத்ததாக. ‘சப்பாத்தியோடு உங்கள் வீட்டில் தொட்டுக்கொள்ள என்ன: கிழங்கா, பருப்பா, கீரையா?’ மறுபடி கைகள் எழும். பருப்புக்கு எத்தனை கை என்பதை வைத்தே உணவியல் வல்லுநர் புரதத்தைப் பற்றிப் பேசத் தொடங்கலாம்.

முடிப்பதற்குப் பத்து நிமிடம் முன்னால் முதல் கேள்விக்குத் திரும்பி மறு வாக்கெடுப்பு நடத்த வேண்டும். பலரும் மறந்துவிடுவது இதைத்தான். தொடக்கத்தில் கை தூக்க வைத்துவிட்டு அதைப் பற்றிப் பிறகு பேசவே இல்லை என்றால், தங்களை விழிக்க வைப்பதற்காக மட்டுமே அந்தக் கேள்வி கேட்கப்பட்டது என்று சபை புரிந்துகொள்ளும். அடுத்த கருத்தரங்கில் அவர்கள் கை தூக்க மாட்டார்கள். இரண்டாவது வாக்கெடுப்பில் எண்ணிக்கை பெரிதாக மாறாமலும் போகலாம். ‘தெரியவில்லை’ என்ற கைகள் முன்பைவிட அதிகமாகவும் எழலாம். காலையில் உறுதியாக இருந்த ஒருவர் தன் தட்டை மறுபடி யோசிக்கிறார் என்பது அதன் பொருள். எண்ணிக்கையைச் சொல்லிவிட்டு, ‘முதலில் ஒரு பக்கம் கை தூக்கி இப்போது மாற்றிக்கொண்டவர் யாராவது உண்டா?’ என்று கேளுங்கள். கிடைத்தால் மைக்கை அவரிடம் கொண்டுபோய், மாற்றியது எந்தப் பேச்சாளரின் எந்தச் சொல் என்று கேளுங்கள். மருத்துவர் அரை மணி நேரம் விளக்கிய ஆய்வாக அது இருக்கலாம். மெஸ் நடத்தும் அம்மா போகிற போக்கில் சொன்ன குருமாக் கிண்ணமாகவும் இருக்கலாம்.